எதிர்ப்பு காதலை வளர்க்குமா?

"நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மகள் அந்தப் பையனிடம் இன்னும் நெருங்குகிறாள். ஏன்?"

தேர்ந்தெடுக்கும் உரிமை பறிபோகிறது என்று தோன்றும்போது, அந்த உரிமையை மீட்கும் வேகமே காதலின் வேகமாக அவளுக்குத் தோன்றக்கூடும். உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-இல் இதை உளவியல் எதிர்வினை என்று விளக்கினார்.

1972-இல் டிரிஸ்கால், டேவிஸ், லிப்பெட்ஸ் ஆகியோர் அமெரிக்காவில் 140 இணைகளிடம் பெற்றோர் தலையீட்டையும் காதலின் அளவையும் கேட்டறிந்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் கேட்டார்கள். இடையில் தலையீடு கூடியவர்களிடம் காதலும் கூடியிருந்தது. இதற்கு 'ரோமியோ ஜூலியட் விளைவு' என்று பெயரிட்டார்கள். ஆனால் அதே ஆய்வில், தலையீடு கூடக்கூட இணைக்குள் நம்பிக்கை குறைந்து, குறைகாண்பது பெருகியதும் தெரிந்தது. இந்தப் பாதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சில வாரங்களுக்கு "அவனைப் பார்க்கக் கூடாது" என்பதை நிறுத்திவிட்டு, அவனிடம் உங்களை உறுத்தும் குறிப்பிட்ட நடத்தை எது என்பதை மட்டும் ஒருமுறை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். அவள் தானாகவே அவனுடைய குறைநிறைகளைப் பேசத் தொடங்கினால், இதுவரை பேசியதில் பெரும்பகுதி எதிர்வினைதான் என்று கருதலாம். அவள் அதே உறுதியுடன் இருந்தால், பற்றுக்கு வேறு வேர் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: 2014-இல் சின்க்ளேர் குழுவினர் இந்த ஆய்வை மீண்டும் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை, சுற்றத்தாரின் ஆதரவு உள்ள உறவுகளிலேயே காதல் மிகுந்திருந்தது. ஆகவே உங்கள் எதிர்ப்புதான் இந்தக் காதலை வளர்த்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.