நாலுக்கு நாலு

வணக்கம் அம்மா. கலியாணம் முடித்து கல்லடியில் மாமி வீட்டில் இருக்கிறேன். விடியற்காலையில் வாசலில் கோலம் கிடந்தால்தான் வீட்டாருக்கும் வருகிறவர்களுக்கும் 'வாங்க' என்று சொன்ன மாதிரி என்பா மாமி. நாலுக்கு நாலு புள்ளி வைத்துக் கம்பிக் கோலம் போட்டால், பாதியிலேயே கம்பி தொடங்கின இடத்தில் வந்து முட்டி விடுகிறது. எனக்குக் கை வராது போல. ஸ்டிக்கர் வாங்கி ஒட்டட்டா? கோலம் எந்தத் திசை பார்க்க வேணும்?

புள்ள, திசையை விடு. ஸ்டிக்கரையும் விடு. ஒருக்கா ஒட்டி விட்டால் நாளைக்கு விடிய வாசலில் உனக்கு என்ன வேலை? மாமி கேட்பது படத்தை இல்லை, நீ எழும்பி வாசலுக்கு வந்ததைத்தான்.

'கை வராது' என்றாயே, அதுக்குத்தான் கோபம் வருகிறது. உன் கையில் ஒரு பிழையும் இல்லை. நாலுக்கு நாலு சதுரமாக வைத்துப் புள்ளிகளுக்கிடையே சாய்வாக இழுத்தால் நாலு கம்பி வரும், ஒன்று வராது. எந்த ஓரத்தில் தொடங்கினாலும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தரம் தொட்டுவிட்டுத் தொடங்கின இடத்துக்கே வந்து நிற்கும். எத்தனை வருசம் பழகினாலும் அப்படித்தான். வரிசைக்கு நாலு புள்ளியாக மூன்று வரிசை வைத்துப் பார். ஒரே கம்பி பன்னிரண்டு புள்ளியையும் சுற்றி வந்து மூடும். கணக்கு லேசானது: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. மூன்றுக்கு ஐந்து என்றால் ஒன்று. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு.

மாமிக்கு நாலுக்கு நாலுதான் வேணுமென்றால் அதுக்கும் வழி இருக்கு. இரண்டு வேறு கம்பிகள் வெட்டுகிற ஓரிடத்தைப் பிடி. அங்கே வெட்ட விடாமல் இரண்டையும் முதுகுக்கு முதுகு காட்டுகிற மாதிரி வளைத்துத் திருப்பி விடு. இரண்டும் ஒன்றாகி விடும். நாலு கம்பிக்கு இப்படி மூன்று திருப்பம் போதும். ஒரு திருப்பம் போட்டதும் விரலால் கம்பியைத் தொடர்ந்து போய், அடுத்ததற்கு இன்னும் சேராத கம்பியைத் தேடிப் பிடி. ஒரே கம்பி தன்னைத் தானே வெட்டுகிற இடத்தில் கை வைத்தாயோ, சேர்ந்தது திரும்பப் பிரிந்து விடலாம். பழைய மனுசிகள் வகுத்துப் பார்த்தா போட்டார்கள் என்று கேட்பாய். இல்லை. எந்தப் புள்ளிக்கு எங்கே திருப்புவது என்று அவர்களுடைய கைக்குத் தெரியும். உனக்கும் இரண்டு கிழமையில் தெரியும்.

மாமி சொன்ன 'வாங்க' என்ற சொல்லில்தான் என் மனம் போய் நிற்கிறது. எங்கள் ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் தினமும் கோலம் கிடந்ததில்லை, பொங்கலுக்கும் வருசத்துக்கும்தான். இப்போது நாடகம் பார்த்துவிட்டு, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். தினமும் நடந்தது முற்றம் கூட்டித் தண்ணி தெளிப்பதுதான். ஆனால் என் அம்மம்மா தினமும் போட்டா. எங்களுடையது மணல் வளவு. காய்ந்த மணலில் மா விழுந்தால் உள்ளே இறங்கி விடும். கூட்டிய கையோடு சாணித் தண்ணி தெளித்து, காலை வைத்தால் தடம் விழும், ஆனால் தண்ணி கசியாது என்கிற பதம் வரும்வரை நின்றுவிட்டுத்தான் குனிவா. ஈரம் கூடினால் கம்பி கரைந்து பரவும். மாவும் நைசாக இருக்கக் கூடாது. பச்சரிசி இடித்து அரித்த பிறகு அரிதட்டில் மிஞ்சுகிற கப்பியை எடுத்து வைப்பா. நைஸ் மா விரலில் ஒட்டிக் கட்டி கட்டியாக விழும். கப்பி நிற்காமல் ஓடும்.

அம்மம்மா செத்தபோது துடக்கு முடியும்வரை வாசலில் ஒன்றும் போடவில்லை. அந்த நாட்களில் ஒரு விடியலில், செத்த செய்தி கேள்விப்படாத தூரத்து உறவுக்காரர் ஒருவர் வாழைக்குலையோடு வந்தார். வழமையாகக் கடப்படியில் நின்றே சத்தம் வைத்துக் கூப்பிடுகிற மனுசன். அன்று வெறும் மணலைப் பார்த்தார், குலையை வேலியோரம் வைத்தார், "ஆரு புள்ள?" என்று அம்மாவிடம் கேட்டார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. 'வாங்க' என்று சொல்லத் தெரிந்த வாசலுக்குத்தான் 'இப்ப வேண்டாம்' என்றும் சொல்ல முடியும். ஸ்டிக்கர் ஒட்டின வாசல் செத்த வீட்டிலும் 'வாங்க வாங்க' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

கல்லடியில் உங்கள் வாசல் சீமெந்தோ மாபிளோ தெரியாது. மாபிள் என்றால் உலர்ந்த மா வழுக்கிக்கொண்டு போகும். அரிசியை ஊற வைத்து அரைத்துத் தண்ணியாகக் கரைத்து, துணித் துண்டை நனைத்துப் பிடித்து விரல் வழியாக விடு. காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும். சாணி தெளிக்கச் சொன்னால் மாமியோடு வாதாடாதே. மாபிளில் அது நிற்காது என்று அவவுக்கும் தெரியும்.