0.995 இருந்தும் தொட்டி பொய் சொல்கிறது

அண்ணா, வீட்டு ஜோஜோ தொட்டியில் மிதவைக் கை ஒன்று மாட்டி, அதன் அச்சில் கோண சென்சார் வைத்தேன். ஆறு மட்டங்களில் அளந்து எக்செலில் நேர்கோடு பொருத்தினேன். R² 0.995. ஆனாலும் காலித் தொட்டி மைனஸ் 2.7 செ.மீ. காட்டுகிறது. சென்சார் மட்டமா, நான் மட்டமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள தம்பி,

இரண்டும் இல்லை, கோடுதான் தவறு. R² அதைச் சொல்லாது. ஆழம் 0-லிருந்து 100 செ.மீ. வரை மாறும்போது, 3 செ.மீ. பிழை அந்த எண்ணில் கரைந்துபோகிறது. நீங்கள் அனுப்பிய அளவுகளை A-யில் வோல்ட், C-யில் ஆழம் என்று போட்டேன். B-யை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எச்சம், அதாவது அளந்த ஆழத்திலிருந்து கோடு சொல்லும் ஆழத்தைக் கழித்தது, D-யில்:

```
=C2-TREND(C$2:C$7;A$2:A$7;A2)
```

அரைப்புள்ளியைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்க அமைப்பில் எக்செலுக்குத் தசமம் காற்புள்ளி, அதனால் சூத்திரத்தின் பகுதிகளைப் பிரிக்க அரைப்புள்ளி. 0.51 என்று புள்ளி வைத்து அடித்தால் அது எழுத்தாகிவிடும், கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நானே ஒரு மாலை முழுவதும் இதில் தொலைத்திருக்கிறேன்.

| வோல்ட் | ஆழம் (செ.மீ.) | எச்சம் |
|---|---|---|
| 0.51 | 0 | +2.7 |
| 0.97 | 20 | −0.2 |
| 1.43 | 40 | −3.1 |
| 1.81 | 60 | −2.0 |
| 2.19 | 80 | −0.9 |
| 2.50 | 100 | +3.6 |

வோல்ட்டுக்கு எதிரே எச்சத்தை வரைந்து பாருங்கள். இரு ஓரமும் மேலே, நடு கீழே, ஒரு கிண்ணம். அளக்கும்போது கை நடுங்கியதால் வந்த பிழை என்றால் குறிகள் கலந்து கிடக்கும், இப்படி வரிசை கட்டாது. காரணம் உங்கள் மிதவைக் கையிலேயே இருக்கிறது. காலியாக இருக்கும்போது கை சாய்ந்து தொங்குகிறது, நிறைந்ததும் ஏறக்குறைய கிடைமட்டம். சென்சார் அளப்பதோ கோணத்தை. கை தொங்கும்போது ஒரு டிகிரிக்கு மிதவை கொஞ்சம்தான் உயரும், கிடைமட்டத்தை நெருங்கினால் அதிகம் உயரும். வளைவு வராமல் எப்படி இருக்கும்?

சரி, இப்போது B-யில் வோல்ட்டின் வர்க்கம் போடுங்கள்: `=A2^2`. அப்புறம்:

```
=LINEST(C2:C7;A2:B7)
```

விடை தலைகீழ் வரிசையில் வரும்: முதலில் வர்க்கத்தின் கெழு 5.93, அடுத்து வோல்ட்டின் கெழு 31.89, கடைசியில் மாறிலி −17.39. பழைய எக்செலில் மூன்று கட்டங்களைத் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். புதிய எச்சங்கள் −0.4, +0.9, −0.3, +0.2, −0.9, +0.6. கிண்ணம் போய்விட்டது, எதுவும் ஒரு செண்டிமீட்டரைத் தாண்டவில்லை.

இதற்கு மேல் மூன்றாம், நான்காம் படிக்குப் போகாதீர்கள். ஆறு புள்ளிக்கு ஐந்தாம் படி பொருத்தினால் எச்சம் பூஜ்யம்தான், ஆனால் இடைப்பட்ட மட்டங்களில் கோடு எப்படி வேண்டுமானாலும் நெளியும். 2.50 வோல்ட்டுக்கு அப்பாலும் இந்தச் சமன்பாட்டை நம்ப வேண்டாம்.

ஒன்று பாக்கி. ஆறு அளவும் தொட்டியை நிரப்பும்போது எடுத்தவை. தண்ணீர் இறங்கும்போது 50, 70 செ.மீ.யில் அளந்து, அதே சமன்பாட்டோடு ஒப்பிடுங்கள். எச்சம் ஒரே பக்கம் 2 செ.மீ. சாய்ந்தால் அச்சில் உரசல் இருக்கிறது. அதை எக்செல் சரிசெய்யாது, எண்ணெய்தான் போட வேண்டும்.