மூன்றாவது தலையணை

"அப்பாவுக்கு 64 வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்தது. ஒரு மாதமாக மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார். நடு ராத்திரி இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இளைப்பு என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், கேட்கவில்லை. என்ன செய்யலாம், டாக்டர்?"
— வாசகர், அம்பாசமுத்திரம்

இன்ஹேலர் கேட்காததில் ஆச்சரியமில்லை. கோளாறு மூச்சுக்குழாயில் இருப்பதைவிட இதயத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காமல், நாளைக்கே காட்டுங்கள்.

நிற்கும்போது ரத்தத்தில் ஒரு பங்கு காலிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும். படுத்தால் கால் லிட்டரோ அரை லிட்டரோ நெஞ்சுப் பக்கம் திரும்பும். நல்ல இதயம் அதை வாங்கி அப்படியே முன்னால் தள்ளிவிடும். மாரடைப்பில் தசை கொஞ்சம் செத்துப்போன இடது கீழறைக்கு அது முடியாது. மடை சரியாக ஓடாவிட்டால் பின்னால் தண்ணீர் ஏறுமே, அதுபோல நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். நீர் கசிந்து காற்றுப்பைகளில் இறங்கும். பகலில் காலில் கோத்த நீரும் படுத்தபின் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புவதால், தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் திணறல் எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்தால் சற்று நேரத்தில் அடங்கும். ஆஸ்துமாவும் ராத்திரியில் எழுப்பும் என்பதால்தான் இந்தக் குழப்பம்; நீர் கோத்த நுரையீரலும் 'கொய்ங்' என்று விசில் அடிக்கும்.

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். அவருக்கும் பழைய மாரடைப்பு உண்டு. இரண்டு தலையணையில் சமாளித்து வந்தவர், ஒரே வாரத்தில் நாலுக்குப் போய், கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நீர். எக்கோவில் பார்த்தால், இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் 30 சதவீதம்தான் தள்ளியது. 55க்கு மேல் இருக்க வேண்டும். தோண்டித் துருவிக் கேட்டபோதுதான், முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் பத்து நாளாகப் போட்டது தெரிந்தது. பல வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவிடும். அதை நிறுத்தி, நீர் மாத்திரை கொடுத்ததும் ஐந்தாம் நாள் எடை 4 கிலோ இறங்கி, ஒரு தலையணைக்கு வந்தார்.

அப்பாவுக்கும் ஈசிஜி, எக்ஸ்ரே, எக்கோ மூன்றும் வேண்டும். பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். அவர் போடும் எல்லா மாத்திரையையும், வலி மாத்திரை உட்பட, பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீர் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பொட்டாசியமும் சிறுநீரகமும் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கல்லிடைக்குறிச்சி அப்பளமும் ஊறுகாயும் இப்போதைக்கு வேண்டாம். சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனாலும் உப்பு அதில்தான் ஒளிந்திருக்கிறது.

அதற்குள் ஒரு ராத்திரி உட்கார்ந்தும் மூச்சு அடங்காமல், வேர்த்து, இளஞ்சிவப்பாக நுரைச்சளி வந்தால் படுக்க வைக்காதீர்கள். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு நிமிர்ந்து உட்கார வைத்து, 108ஐ அழையுங்கள்.