250 மி.லி. ஃபிளாஸ்க்குக்கு எத்தனை கிராம் போடணும்?

கேள்வி: 0.05 M ஆக்ஸாலிக் ஆசிட் 250 மி.லி. வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்க்ல ரெடி பண்ணணும். எனக்கு 1.125 கிராம்னு வருது, ஃப்ரெண்டுக்கு 1.576னு வருது. யாரு சரி? அந்த நம்பர்ல கரெக்டா நிக்கிற மாதிரி எடை போட்டே ஆகணுமா?

பாட்டில எடுத்து லேபிளைப் பாருங்க. H₂C₂O₄·2H₂O-ன்னு போட்டிருந்தா உங்க ஃப்ரெண்டு சொன்னதுதான் சரி. லேப்ல வழக்கமா இருக்கிறதும் அந்த டைஹைட்ரேட்தான். நீங்க மோலார் மாஸ் 90.03-ன்னு எடுத்திருக்கீங்க, அது தண்ணியே இல்லாத ஆசிடோடது. படிகத்துக்குள்ள ரெண்டு தண்ணி மூலக்கூறு உக்காந்திருக்கு, தராசு அதையும் சேத்துதானே நிறுக்கும், அதனால 126.07 போடணும்.

```
கிராம் = M × லிட்டர் × மோலார் மாஸ்
       = 0.05 × 0.250 × 126.07 = 1.576
```

250-ஐ அப்படியே போடாம லிட்டரா மாத்திப் போடுங்க, நிறைய பேரு அங்கதான் வழுக்குவாங்க. சரி, உங்க 1.125 கிராமை இந்த டைஹைட்ரேட்ல இருந்து எடுத்துப் போட்டா என்ன ஆகும்? கரைசல் 0.05 M இல்ல, 0.0357 M தான் இருக்கும். ஆனா பாக்க அதே தெளிவான தண்ணி, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நான் படிக்கும்போது இதே தப்பைப் பண்ணிட்டு, டைட்ரேஷன்ல மூணு ரீடிங்கும் அழகா ஒண்ணுபோல வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டவன். ரீடிங் ஒத்துப் போறது வேற, விடை சரியா இருக்கிறது வேறன்னு அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

ரெண்டாவது கேள்விக்கு வரேன். 1.576-லயே நிக்கணும்னு அவசியமே இல்ல. ஸ்பேட்டுலாவ வச்சுக்கிட்டு ஒரு துகள் போடுறது ஒரு துகள் எடுக்கிறதுன்னு அரை மணி நேரம் மல்லுக்கட்டாதீங்க, எடுத்த துகளை திரும்ப பாட்டில்ல போட்டா ஸ்டாக்கும் கெட்டுப்போகும். கிட்டத்தட்ட அந்த அளவு எடுங்க, ஆனா எடுத்தது எவ்வளவுன்னு நாலு தசம இடம் வரைக்கும் எழுதிக்கோங்க, நமக்கு வேண்டியது அதுதான். உதாரணத்துக்கு வெயிங் பாட்டில் படிகத்தோட 14.8627 கிராம், பீக்கர்ல கொட்டின அப்புறம் அதே பாட்டில் 13.2795 கிராம்னா, பீக்கருக்குப் போனது 1.5832. பாட்டில் ஓரத்துல ஒட்டிக்கிட்டது ரெண்டு எடையிலயும் இருக்கிறதால அது கணக்கைக் கெடுக்காது. இப்போ 1.5832-ஐ 126.07-ஆல வகுத்து, அதை 0.250-ஆல வகுங்க, 0.0502 M. லேபிள்ல இதைத்தான் எழுதணும், 0.05-ன்னு இல்ல. அதுக்கப்புறம் வர்ற எல்லா கணக்குலயும் இதே நம்பர்தான்.

கரைக்கிறது: பீக்கர்லயே நூறு மி.லி. தண்ணில முழுசா கரைச்சுட்டு, புனல் வழியா ஃபிளாஸ்க்ல ஊத்துங்க. பீக்கர், கண்ணாடிக் குச்சி, புனல் மூணையும் மூணு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சம் தண்ணி விட்டுக் கழுவி அந்தத் தண்ணியையும் உள்ளயே விட்டுடணும், இல்லனா நீங்க எடை போட்ட ஆசிட்ல கொஞ்சம் சிங்க்குக்குப் போயிடும். சூடு பண்ணிக் கரைச்சிருந்தா அறை வெப்பநிலைக்கு ஆறின அப்புறம்தான் கோடு வரைக்கும் நிரப்பணும், ஏன்னா ஃபிளாஸ்க்ல போட்டிருக்கிற அளவு வழக்கமா 20°C-க்கானது. அப்புறம், 250 மி.லி. தண்ணியை அளந்து ஊத்துறது இல்ல இது, ஆசிட், தண்ணி எல்லாம் சேர்ந்த மொத்தக் கரைசல் கோட்டுல நிக்கணும். கடைசி ஒரு மி.லி.யை டிராப்பர்ல சொட்டு சொட்டா விட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேரா வச்சு, வளைவோட அடிப்பக்கம் கோட்டைத் தொடுதான்னு பாருங்க. தாண்டிடுச்சா? டிராப்பரால உறிஞ்சி எடுக்கலாம்னு நினைக்காதீங்க, தண்ணியோட ஆசிடும் சேந்துதான் வெளிய வரும், மிச்சம் அதே நீர்த்த கரைசல்தான். கொட்டிட்டு முதல்ல இருந்து பண்ணுங்க, வேற வழி கிடையாது. கோடு சரியா வந்துச்சுன்னா மூடியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பத்து பதினஞ்சு தடவை தலைகீழாக் கவுத்துக் கலக்குங்க, கழுத்துல இருக்கிற தண்ணி லேசுல கீழ கலக்காது.

ஒண்ணு மறந்துட்டேன். சோடியம் கார்பனேட்டை ஓவன்ல காய வச்சு எடுப்பாங்க, அதைப் பாத்துட்டு இதையும் காய வச்சுடாதீங்க. சூட்டுல அந்த ரெண்டு தண்ணியும் கிளம்பிடும், எவ்வளவு போச்சுன்னு தெரியாது, அப்போ 126.07-ம் பொய், 90.03-ம் பொய். பளபளன்னு இருந்த படிகம் வெள்ளையா மாவு பூத்த மாதிரி ஆகியிருந்தாலும் அதே கதைதான், வேற பாட்டில் எடுத்துக்கோங்க. ஆசிட் விஷம், பிப்பெட்டை வாயால உறிஞ்சாதீங்க.