‘திமிர்’ என்று எழுதித் தந்தால்

*அன்புள்ள ஐயா, மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நேர்காணல் குழுவினர் தரும் குறிப்புகளைத் தொகுத்துத் தேர்வுக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. ‘திமிர் பிடித்த ஆள்’, ‘நமக்கு ஒத்துவராது’, ‘இரண்டு சின்னப் பிள்ளைகள், இவரால் முடியாது’ என்றெல்லாம் எழுதித் தருகிறார்கள். அப்படியே வைக்கவும் பயமாக இருக்கிறது. நானாக மாற்றினால் அவர்கள் சொன்னதைத் திரித்ததாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?*

*பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி*

வணக்கம்.

‘திமிர்’ என்பதற்கு நல்ல வார்த்தை தேடி உட்காராதீர்கள். ‘அதீதத் தன்னம்பிக்கை உடையவர்’ என்று எழுதினாலும் தீர்ப்பு அதேதான், சட்டை மட்டும் மாறியிருக்கிறது. எழுதியவரிடம் அன்றைக்கே போங்கள். நாலு நாள் கழித்துப் போனால் அவருக்கு எரிச்சல் மட்டும்தான் நினைவிருக்கும். ‘ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று ஆரம்பித்தால் தன் கருத்துக்கு வக்காலத்து வாங்குவார். ‘எந்தக் கேள்விக்கு, என்ன பதில் சொன்னார்?’ என்று கேளுங்கள்.

ஒரு குழுத் தலைவர் பதவிக்கான நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். குழுவினர் உங்கள் முடிவை எதிர்த்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பதாரர், முடிவு எடுத்தாகிவிட்டது, விளக்கிச் சொன்னேன் என்றிருக்கிறார். அவர்கள் எதிர்த்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று மறுபடி கேட்டதற்கு, நினைவில்லை என்றிருக்கிறார். ‘திமிர்’ முளைத்த இடம் இதுதான். அப்படியானால் கோப்புக்கு இப்படி எழுதலாம்:

“குழுவில் எழுந்த எதிர்ப்பைக் கையாண்ட விதம் பற்றிய கேள்விக்கு, முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டதாகவும் அதைக் குழுவுக்கு விளக்கியதாகவும் கூறினார். எதிர்ப்புக்கான காரணத்தைத் தொடர் கேள்வியிலும் சொல்ல இயலவில்லை. பிறர் கருத்தைக் கேட்டு முடிவெடுத்தல்: 5க்கு 2.”

‘யார் பேச்சையும் கேட்க மாட்டார்’ என்பது இதில் இல்லை, கவனித்தீர்களா? அது ஊகம். ஒரு பதிலை வைத்து ஆளின் சுபாவத்தை முடிவுகட்ட முடியாது. அந்தத் தகுதிக்கு அந்தப் பதில் போதவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். தகுதியின் பெயர், விளம்பரத்திலும் மதிப்பெண் தாளிலும் இருக்கும் அதே பெயராக இருக்கட்டும். மதிப்பெண்ணை நீங்கள் போடாதீர்கள், குறைக்கவும் கூட்டவும் வேண்டாம். விண்ணப்பதாரர் சொன்ன சொற்கள் அங்கேயே எழுதி வைக்கப்பட்டிருந்தால் மட்டும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் மேலே உள்ளதுபோல் பொருளை மட்டும் எழுதுங்கள். எழுதியதை உறுப்பினரிடம் காட்டி, ‘நீங்கள் சொன்னது இதுதானா?’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். திரித்துவிடுவோமோ என்ற உங்கள் பயத்துக்கு இதுதான் மருந்து. மூலத்தாளைக் கிழிக்க வேண்டாம், அதை எத்தனை காலம் வைப்பது என்பதை நிறுவனத்தின் விதி சொல்லும்.

இன்னொன்றும் பாருங்கள். அந்தத் தொடர் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டார்களா? இவரை மட்டும் துருவியிருந்தால், அதை வைத்து இவரை மற்றவர்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அதை நேர்காணல் குழுவின் தலைவரிடம் சொல்லுங்கள்.

‘ஒத்துவராது’ என்று எழுதியவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஏதாவது பதில் கையில் சிக்கினால் எழுதலாம். ‘என்னமோ தோன்றியது’ என்றால், அந்தத் தகுதிக்குச் சான்று எதுவும் பதிவாகவில்லை என்று எழுதிவிட்டு நகருங்கள். அவருக்காக நீங்கள் சான்று தேடிக் கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் பலர் செய்வது அதைத்தான்.

பிள்ளைகள் விஷயம் வேறு. அதை மாற்றி எழுதவே கூடாது. ‘பணிநேரத்துக்கு ஒத்துழைப்பது சந்தேகம்’ என்று நாகரிகமாக எழுதினீர்களானால், பாரபட்சம் அப்படியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. அதை மறைத்த பங்கு உங்களுக்கும் வந்துவிடும். பல நாடுகளில் தன்னைப் பற்றிய குறிப்புகளைக் கேட்டு வாங்க விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். தாளை அப்படியே குழுத் தலைவரிடம் கொண்டு போங்கள். அந்த எண்ணத்தால் எந்த மதிப்பெண்ணாவது குறைந்திருக்கிறதா என்று அவர் விசாரித்து, தேவைப்பட்டால் பதில்களை மட்டும் வைத்து மறுமதிப்பீடு செய்யச் சொல்ல வேண்டும். வேலைக்கு உண்மையிலேயே இரவுப்பணி தேவை என்றால், ‘இந்த நேரங்களில் வர முடியுமா?’ என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு, அவரவர் சொன்ன பதிலை எழுதினால் போதும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தேவையில்லை.

அப்புறம், ‘அருமையான ஆள், உடனே எடுக்கலாம்’ என்று ஒரு தாள் வரும். அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அதை எழுதியவரிடமும் போய், விண்ணப்பதாரர் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள். சில சமயம் நல்ல பதில் ஒன்று கிடைக்கும். சில சமயம், இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் என்பது தெரியவரும். அந்தத் தாளும் குழுத் தலைவரிடம்தான் போக வேண்டும்.