கையுறைக்குள் இருக்கும் மோதிரம்

வணக்கம் சார். லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிறேன். வேலை நேரத்தில் கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறார் மேஸ்திரி. அது கழன்று விழாத அளவுக்கு இறுக்கமாகத்தான் இருக்கிறது, மேலே கையுறையும் போடுகிறேன். அப்புறம் என்ன ஆபத்து? ஃபுட்பால் ஆடும்போதும் தூங்கும்போதும் கழுத்தில் செயின் கிடக்கும். அதையும் கழற்ற வேண்டுமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள். மோதிரம் தொலைந்துவிடும் என்பதற்காக அவர் சொல்லவில்லை.

லாரியிலிருந்து எப்படி இறங்குகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு குதிப்பீர்கள். அங்கே துருத்திக்கொண்டிருக்கும் கொக்கியிலோ ஆணியிலோ மோதிரம் மாட்டினால், உடம்பு கீழே போகும், மோதிரம் மேலேயே நிற்கும். உங்கள் முழு எடையும் அந்த ஒரு விரலில் தொங்கும். அப்போது தோல் உறைபோல உரிந்து வந்துவிடும், ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அறுந்துபோகும். சிலருக்கு விரலே துண்டாகியிருக்கிறது. மோதிரம் இறுக்கமாக இருப்பது இங்கே உதவாது; வழுக்கி வெளியே வர வழியில்லாததால் இழுவை முழுவதையும் விரல்தான் தாங்க வேண்டியிருக்கும். கையுறையையும் நம்பாதீர்கள். உள்ளே மோதிரம் புடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் துணியோடு சேர்ந்தே மாட்டும். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையுறையே ஆபத்துதான்.

இப்படி மாட்டி இழுபட்ட விரல், வெளியே பெரிய காயமில்லாமல் முழுசாகத் தெரியலாம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெளுத்தோ நீலம் பாய்ந்தோ, சில்லென்று, மரத்துப்போய் இருந்தால் ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸில் நேரடியாகப் போடக் கூடாது.

உங்கள் மோதிரம் கழலவே மாட்டேன் என்கிறதா? முதலில் கையைக் கொஞ்ச நேரம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்பு போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் நூல் முறை இருக்கிறது. வழவழப்பான நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக நுழைத்து விடுங்கள். மறு நுனியை மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து, விரல் கணுவைத் தாண்டும் வரை இடைவெளி விடாமல் சுற்றுங்கள். பிறகு உள்ளங்கைப் பக்கம் இருக்கும் நுனியை விரல் நுனியை நோக்கி இழுத்துப் பிரித்தால், மோதிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணுவைத் தாண்டும். காயமோ எலும்பு முறிவோ உள்ள விரலில் இதைச் செய்யாதீர்கள். அங்கே மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஃபுட்பால் விதியே நகையைத் தடை செய்கிறது. டேப் ஒட்டி மறைத்தாலும் அனுமதி கிடையாது. செயினைத் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். கழற்றவே முடியாது என்றால், இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் கொக்கியுள்ளதைப் போடுங்கள். கனமான செயின் அறாது, கழுத்தைத்தான் இறுக்கும்.