ஒரு எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு போனால் மறைந்த படங்கள் கிடைக்கும்

கேள்வி: "ஓடாத, யாரும் பேசாத, ஆனால் நல்ல பழைய தமிழ்ப் படங்களை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது? எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதே பத்துப் படம்தான் வருகிறது."

நான் பல வருடங்களாகச் செய்வது இதுதான்: பட்டியல்களை விட்டுவிட்டு ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்வேன். பெரும்பாலும் அது ஒரு எழுத்தாளரின் பெயராக இருக்கும். ஓடாத நல்ல படங்களில் நிறைய, ஒரு நாவலையோ குறுநாவலையோ நம்பி எடுக்கப்பட்டவை. நடிகரின் பெயரை வைத்துத் தேடினால் அவருடைய வெற்றிப் படங்கள்தான் மேலே வரும். எழுத்தாளரின் பெயரை வைத்துத் தேடினால் அந்தக் கதையை நம்பியவர்கள் எடுத்த படம் வரும்.

இந்திரா பார்த்தசாரதியை வைத்து ஒருமுறை தேடியதை விவரமாகச் சொல்கிறேன். இதில் மாட்டக்கூடிய சிக்கல்கள் எல்லாமே அந்த ஒரு தேடலில் வந்தன.

அவருடைய 'உச்சி வெயில்' என்ற குறுநாவல் படமாக வந்திருக்கிறது என்று எங்கோ படித்தேன். 'உச்சி வெயில்' என்று தேடியதும் 1990இல் அதே பெயரில் ஒரு படம் இருப்பது தெரிந்தது. இயக்கியவர் ஜெயபாரதி. 1979இல் 'குடிசை' எடுத்தவர். மாற்றுப் படங்கள் எடுப்பவர்தான், ஆண்டும் பொருந்துகிறது, இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தவறு. அந்தப் படத்துக்கும் இந்தக் குறுநாவலுக்கும் பெயர் மட்டுமே ஒன்று. குறுநாவலைப் படமாக்கியவர் கே.எஸ். சேதுமாதவன். அவர் வைத்த பெயர் 'மறுபக்கம்'. அதில் சிவகுமாருடன் நடித்தவர் பெயரும் ஜெயபாரதி! மலையாளத்தில் புகழ்பெற்ற நடிகை அவர். ஆக ஒரு பக்கம் இயக்குநர் ஜெயபாரதியின் 'உச்சி வெயில்', இன்னொரு பக்கம் 'உச்சி வெயில்' கதையில் நடிகை ஜெயபாரதி. இணையத்தில் பாதிக் குறிப்புகளோடு தேடுகிறவர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது மிக எளிது. நான் இரண்டு மாதம் குழம்பினேன்.

'மறுபக்கம்' சாதாரணப் படம் இல்லை. தேசிய விருதுகளில் சிறந்த திரைப்படத்துக்கான தங்கத் தாமரையைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. இதைச் சொன்னால் சினிமா நிறையப் பார்க்கும் நண்பர்கள்கூட ஆச்சரியப்படுகிறார்கள். நோயில் விழுந்த தந்தையைப் பார்க்க டெல்லியிலிருந்து வரும் மகன், அந்த வீட்டில் பேசப்படாமலே கிடக்கும் பழைய விஷயங்கள், இவ்வளவுதான் கதை. குரலை உயர்த்தாமல் ஒரு குடும்பத்தின் பழைய குற்ற உணர்ச்சியைத் தோண்டி எடுக்கிறது. சிவகுமாரின் நடிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தப் படத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதே எழுத்தாளரிடம் இரண்டாவது முறையும் அதே மாதிரிச் சிக்கல். 'குருதிப்புனல்' அவருடைய இன்னொரு நாவல். 1968 கீழ்வெண்மணிப் படுகொலையைப் பின்னணியாகக் கொண்டது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்தப் பெயரில் தேடினால் வருவது 1995இல் கமல்ஹாசன் நடித்த படம். அது 'துரோகால்' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கம், நாவலோடு தொடர்பே இல்லை. நாவலைத் தழுவி வந்த படத்தின் பெயர் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்', இயக்கியவர் ஸ்ரீதர் ராஜன். இளையராஜா இசையில் ஜேசுதாஸ் பாடிய 'மனிதா மனிதா' பாட்டைக் கேட்டவர்கள் ஏராளம். அது எந்தப் படத்தில் வருகிறது, அந்தப் படம் எதைப் பற்றியது என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பாட்டு தப்பித்துக்கொண்டது, படம் மறைந்துவிட்டது. தமிழில் இப்படி நிறைய நடந்திருக்கிறது. ரேடியோவில் கேட்டுப் பழகிய ஒரு பாட்டின் படத்தை நீங்கள் பார்த்ததே இல்லை என்றால், அந்தப் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. படத்தின் பெயர் மட்டும் பொருந்தினால் நம்ப மாட்டேன். இயக்குநர், கதை எழுதியவர், ஒரு முக்கிய நடிகர் என்று மூன்றும் பொருந்த வேண்டும். தேடும்போது பெயரோடு இயக்குநரையும் சேர்த்து, தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேட வேண்டும். ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள் என்பதால் Uchi Veyil, Uchi Veyyil என்று இரண்டு வகையிலும் போட்டுப் பார்ப்பேன்.

அடுத்தது ஆண்டு. இங்கேதான் பலர் நல்ல படத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிடுகிறார்கள். தேசிய விருதுப் பட்டியலில் இருக்கும் ஆண்டு, படம் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டு. திரைக்கு வந்த ஆண்டு அல்ல. அந்தக் காலத்தில் சின்னப் படத்துக்குச் சான்றிதழ் வாங்கிய பிறகும் தியேட்டர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்குக் கிடைக்காமலே போகும். விருதுக்கு அனுப்பச் சான்றிதழ் இருந்தால் போதும். அதனால்தான் நீங்கள் தேடும் வகைப் படங்கள் அந்தப் பட்டியலில் அதிகமாகத் தட்டுப்படுகின்றன. 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1982ஆம் ஆண்டு விருதுகளில், அறிமுக இயக்குநருக்கான பிரிவில் இருக்கிறது. படம் வெளியானது 1983. ராஜாஜியின் கதையை வைத்து சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த 'திக்கற்ற பார்வதி' 1973ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம், திரைக்கு வந்தது 1974. எனவே பட்டியலில் ஓர் ஆண்டைப் பார்த்தால் அதற்கு அடுத்த ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

சிறந்த தமிழ்ப் படம் என்ற ஒரு வரியோடும் நிறுத்திவிடாதீர்கள். 1982க்கான அந்த வரியில் இருப்பது ஹரிஹரன் இயக்கிய 'ஏழாவது மனிதன்'. ரகுவரன் கதாநாயகனாக அறிமுகமான படம், பாரதியார் பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் இசை. அதுவும் அதிகம் பேசப்படாத படம்தான். ஆனால் அதோடு நிறுத்தியிருந்தால் அதே ஆண்டின் ஸ்ரீதர் ராஜன் படம் என் கண்ணில் பட்டிருக்காது. இந்த எல். வைத்தியநாதன் பெயரும் பிடித்துப் போகத் தகுந்த ஒன்று. பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்', மேலே சொன்ன 'மறுபக்கம்' இரண்டுக்கும் அவர்தான் இசை.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. தயாரிப்பாளர் விருதுக்கு அனுப்பாத படம் அந்தப் பட்டியலில் இருக்காது. அப்படிப்பட்டவற்றுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆண்டுவாரியாகத் தொகுத்த 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' புத்தகம்தான் கதி. அதில் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, கேள்விப்படாத பெயர்களை மட்டும் பென்சிலால் குறிப்பேன். பிறகு பழைய பாட்டுப் புத்தகங்கள். கதைச் சுருக்கத்தைச் சொல்லி, முக்கியமான கட்டத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்துவார்களே, அவைதான். படமே கிடைக்காதபோதும் அது எதைப் பற்றியது, யார் யார் வேலை செய்தார்கள் என்பதைப் பாட்டுப் புத்தகம் சொல்லிவிடும். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமாப் பத்திரிகைகளும் இருக்கின்றன.

இனி படம் கையில் கிடைத்த பிறகு. யூடியூபில் இருப்பவற்றில் பல, டி.வி.யில் வந்தபோது பதிவு செய்யப்பட்டவை. முழுப் படமா, வெட்டியதா என்று தெரியாமல் பார்த்துவிட்டு, 'கதை தாவுகிறது, இயக்குநருக்குச் சொல்லத் தெரியவில்லை' என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. படம் தொடங்குமுன் காட்டும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். அதில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 3,300 மீட்டர் என்றிருந்தால் படம் சுமார் 120 நிமிடம். நம் ஊர் டி.வி. முறையில் வினாடிக்கு 24 பிரேமுக்குப் பதிலாக 25 ஓடும் என்பதால் அது 115 நிமிடமாகக் குறையலாம், அதில் பிழையில்லை. நீங்கள் பார்ப்பது 100 நிமிடம் என்றால் கால் மணி நேரம் எங்கோ போய்விட்டது. 16 எம்.எம். படம் என்றால் நிமிடத்துக்கு 11 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். சான்றிதழே வெட்டப்பட்டிருந்தால் இந்தக் கணக்குக்கு வழியில்லை. அப்போது வேறு பதிவுகளின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இருப்பதில் நீளமானதை எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, படத்தின் அகலம். சதுரமாக எடுத்த பழைய படத்தை இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போடுகிறார்கள். டைட்டில் எழுத்துகள் ஓரத்தில் பாதி அறுபட்டிருந்தால், நிற்பவர்களின் தலை மேலே வெட்டுப்பட்டால், அந்தப் பிரதியை விட்டு வேறு தேடுங்கள். ஒளிப்பதிவை நம்பி எடுத்த படத்தை அப்படிப் பார்ப்பதற்குப் பதில் காத்திருக்கலாம்.

நீங்களே முயன்று பார்க்க ஒரு பெயர் சொல்லட்டுமா? ஜெயகாந்தன். தன் கதைகளைத் தானே இயக்கினார். 1965இல் வந்த 'உன்னைப்போல் ஒருவன்' அவருடையது. அந்தப் பெயரில் தேடினால் 2009இல் வந்த கமல் படம்தான் முதலில் நிற்கும், தாண்டிப் போங்கள். அடுத்த ஆண்டு அவர் நாகேஷை வைத்து 'யாருக்காக அழுதான்' எடுத்தார். சிரிக்க வைப்பவராகவே நாம் பார்த்துப் பழகிய நாகேஷ், அதில் திருட்டுப் பழி சுமத்தப்பட்ட ஒரு அப்பாவி. முதலில் அதைத் தேடுங்கள்.